செல்ஃபியை அனிமே ஆக்கும் கேன் மாடல் எதைக் கற்கிறது, டிஃப்யூஷனிடம் எங்கே தோற்கிறது?

கேள்வி: யு-கேட்-இட் மாடலை இறக்கி ஓட்டிப் பார்த்தேன். தங்கையின் செல்ஃபி அழகான அனிமே முகமாக வந்தது. என் படத்தில் மீசையைக் காணோம், கன்னத்தில் வைத்திருந்த கையைக் காணோம், மூக்குக்கண்ணாடி பாதிதான் வந்திருக்கிறது. அதே படத்தை ஸ்டேபிள் டிஃப்யூஷனில் போட்டால் மூன்றும் இருக்கின்றன. யு-கேட்-இட் என்ற இந்த கேன் வகைப் படம் செய்யும் மாடல் உண்மையில் என்னதான் கற்றுக்கொண்டது?

பதில்:

அந்த மாடல் எந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தது என்று தெரிந்துகொண்டால் பாதி விஷயம் விளங்கிவிடும். யு-கேட்-இட் கட்டுரை 2019-ல் வந்தது. அதற்காகவே தொகுத்ததுதான் `selfie2anime` என்ற படத்தொகுப்பு. செல்ஃபி பக்கத்துக்கு, ஏற்கெனவே இருந்த 46,836 செல்ஃபிகள் கொண்ட ஒரு தொகுப்பிலிருந்து பெண்களின் படங்களை மட்டும் எடுத்தார்கள். பயிற்சிக்கு 3,400, சோதனைக்கு 100. அனிமே பக்கத்துக்கு அனிமே-பிளானெட் தளத்திலிருந்து 69,926 கதாபாத்திரப் படங்களை எடுத்து, அனிமே முகங்களைக் கண்டுபிடிக்கும் ஒரு நிரலால் 27,023 முகங்களை வெட்டினார்கள். அதில் கறுப்பு வெள்ளைப் படங்களைக் கழித்து, பெண் முகங்களை மட்டும் வைத்துக்கொண்டு, இங்கேயும் 3,400, 100 என்று பிரித்தார்கள். எல்லாமே 256-க்கு 256 பிக்சல்.

ஆக, அந்த மாடலின் உலகத்தில் இரண்டே குவியல்கள்தான். இந்த செல்ஃபிக்கு இந்த அனிமே என்ற ஜோடி எங்கேயும் கிடையாது. எந்த ஓவியரும் உட்கார்ந்து ஒரு செல்ஃபியைப் பார்த்து வரைந்து கொடுக்கவில்லை. இந்தக் குவியலிலிருந்து ஒரு படத்தை எடுத்து மாற்றினால், அது அந்தக் குவியலில் இருந்து வந்தது போலத் தோன்ற வேண்டும் என்பதே மாடலுக்குக் கொடுத்த முக்கிய வேலை. அது கற்றது அனிமே வரையும் கலையை அல்ல. இரண்டு குவியல்களுக்கும் நடுவில் இருக்கும் வித்தியாசத்தைத்தான் கற்றது.

இப்போது உங்கள் மீசைக்கு வருவோம். இரண்டு குவியலிலும் மீசை இல்லை. கேன் மாடலின் பயிற்சியில் ஜெனரேட்டர், டிஸ்கிரிமினேட்டர் என்ற இரண்டு வலைகள் எதிரெதிராக நிற்கின்றன. ஜெனரேட்டர் படம் செய்யும், டிஸ்கிரிமினேட்டர் அது உண்மையான அனிமேயா, செய்ததா என்று சொல்லும். மூக்குக்கும் வாய்க்கும் இடையே கருப்பாக ஒரு திட்டு இருக்கும் அனிமே முகத்தை டிஸ்கிரிமினேட்டர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அந்த இடம் வெறும் தோல் நிறமாக இருக்க வேண்டும் என்றுதான் அது ஜெனரேட்டரைப் பழக்கியிருக்கிறது. மீசையைத் தொலைத்ததற்காக ஜெனரேட்டரை யாராவது தண்டித்தார்களா என்றால், அதுவும் இல்லை. பயிற்சியில் மீசை வைத்த படமே வராதபோது எப்படித் தண்டிப்பது? அதனால் அந்தக் கருப்புத் திட்டை அது ஒரு நிழலாக எடுத்துக்கொண்டு துடைத்துவிடுகிறது. சில படங்களில் மேலுதட்டின் மேல் லேசான சாம்பல் கறை மிஞ்சும். உங்கள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், இருக்கலாம்.

கையின் கதை வேறு. செல்ஃபிக் குவியலில் கன்னத்தில் கை வைத்த படங்கள் உண்டு, அது செல்ஃபியில் சகஜம். ஆனால் அனிமே படங்களை முகத்தை ஒட்டி வெட்டியிருக்கிறார்கள். அங்கே கை தெரியும் படங்கள் அபூர்வம். எனவே கையை அப்படியே வரைந்தால் டிஸ்கிரிமினேட்டர் பிடித்துவிடும், அழித்துவிட்டால் தப்பிக்கலாம்.

அழித்தால் இன்னொரு காவலாளி இருக்கிறதே என்று கேட்பீர்கள். ஆமாம், சைக்கிள் லாஸ். லாஸ் என்பது தவறுக்குப் பயிற்சியில் கிடைக்கும் தண்டனை. செல்ஃபியை அனிமே ஆக்கி, அந்த அனிமேயை இன்னொரு ஜெனரேட்டரால் திரும்பச் செல்ஃபி ஆக்கினால், முதல் படமே கிடைக்க வேண்டும் என்பது விதி. யு-கேட்-இட்டில் இதற்கு எடை 10. கை அழிந்துபோனால் திரும்பி வரும்போது கை எங்கிருந்து வரும்? இந்த இடம்தான் இந்த வகை மாடல்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம். கை கண்ணுக்குத் தெரியாமல் வருகிறது. ஜெனரேட்டர் கையை அழித்துவிட்டு, கை இருந்த தகவலை நம் கண்ணுக்குப் படாத மெல்லிய புள்ளி அலைகளாக அதே படத்தில் ஒளித்து வைக்கக் கற்றுக்கொள்கிறது. திரும்பி வரும் ஜெனரேட்டருக்கு அந்த ரகசிய எழுத்து புரியும். 2017-ல் கேஸி சூ, ஆண்ட்ரே ஷ்மோகினோவ், மார்க் சாண்ட்லர் மூவரும் இதே சைக்கிள் லாஸை வைத்துப் பயிலும் பழைய மாடலான சைக்கிள்கேனில் காட்டினார்கள். விமானப் படத்தை வரைபடமாக்கி, வரைபடத்தைத் திரும்ப விமானப் படமாக்கியபோது, வரைபடத்தில் இல்லவே இல்லாத கூரை விவரங்கள் மறுபடி முளைத்தன. சைக்கிள் லாஸ் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்து மாடல் முகத்தை நன்றாகக் காப்பாற்றுகிறது என்று நம்பிவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

உங்கள் கணினியிலேயே இதைச் சோதிக்கலாம். பைடார்ச் பதிப்பில் இரண்டு ஜெனரேட்டர்களின் பெயர்கள் `genA2B`, `genB2A`. `x` உங்கள் படம்.

```python
fake = genA2B(x)[0]
rec1 = genB2A(fake)[0]
rec2 = genB2A(fake + 0.03 * torch.randn_like(fake))[0]
```

இரண்டாவது முறை அனிமே படத்தில் லேசாக நாய்ஸ், அதாவது தற்செயலான புள்ளி இரைச்சல், தூவியிருக்கிறோம். நம் கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. `rec1`-ல் கையோ, பின்னால் இருந்த ஜன்னலோ தெளிவாகத் திரும்பி வந்து, `rec2`-ல் குழம்பிப் போனால், ஒளித்து வைத்த தகவலை நீங்கள் கலைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். அனிமே படத்தை ஜேபெக்காகச் சேமித்துத் திரும்ப ஏற்றினாலும் அதே வேலை நடக்கும். தங்கையின் படத்தையும் உங்கள் படத்தையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள்.

சரி, குறைகளையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்த 3,400 படங்களை வைத்து அது கற்றதும் சாதாரணம் இல்லை. ஒரு படத்தை உள்ளே அனுப்பி அதன் பின்னாலேயே போகலாம். 256 பிக்சல் படம் இரண்டு முறை பாதியாகச் சுருங்கி 64-க்கு 64 ஆகிறது. அதில் 256 அடுக்குகள். ஒவ்வொரு அடுக்கும் முகத்தில் ஏதோ ஒன்றைக் கவனிக்கிறது. இந்த இடத்தில் ஒரு சின்னத் துணை வகைப்படுத்தி உட்கார்ந்து, உள்ளே வந்தது செல்ஃபியா அனிமேயா என்று கேட்கிறது. அந்தக் கேள்விக்கு எந்த அடுக்குகள் உதவுகின்றனவோ அவற்றுக்கு எடை கூடுகிறது. இதன் லாஸுக்கு 1000 என்ற பெரிய எடை கொடுத்திருப்பதைக் கோடில் `--cam_weight` என்ற இடத்தில் பார்க்கலாம். இதன் விளைவு, செல்ஃபியையும் அனிமேயையும் பிரிப்பது எதுவோ அங்கே மாடலின் கவனம் குவிகிறது. முக்கியமாகக் கண். எங்கே மாற்ற வேண்டும் என்பதை அது இப்படிக் கற்கிறது.

எவ்வளவு மாற்ற வேண்டும் என்பது அடுத்த படி. உள்ளே ஓடும் எண்களைச் சமன்செய்ய இரண்டு முறைகளைக் கலந்து வைத்திருக்கிறார்கள். ஒன்று அடுக்கு அடுக்காகத் தனித்தனியே சமன்செய்வது, அது மூலப்படத்தின் அமைப்பை அதிகம் காக்கும். இன்னொன்று எல்லா அடுக்குகளையும் சேர்த்துச் சமன்செய்வது, அது பாணியைத் தாராளமாக மாற்றவிடும். இரண்டையும் எந்த விகிதத்தில் கலப்பது என்பதை ρ என்ற ஓர் எண் சொல்லும். 0-க்கும் 1-க்கும் நடுவில் அது எங்கே நிற்க வேண்டும் என்பதையும் மாடலே கற்கிறது. பழைய சைக்கிள்கேனில் செல்ஃபியைப் போட்டால் அநேகமாகத் தோலின் நயம் மட்டும் மாறும், முகத்தின் வடிவம் மாறாது. யு-கேட்-இட்டில் கண் நிஜமாகவே பெரிதாகிறது, தாடை கூராகிறது, மூக்கு ஒரு சின்னக் கோடாகிறது. அந்தப் பாய்ச்சலுக்கு இந்த இரண்டும்தான் காரணம்.

உங்கள் கண்ணாடி பாதியில் நின்றதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கண்ணைப் பெரிதாக்க வேண்டும் என்று மாடலுக்கு நிச்சயமாகத் தெரியும், ஏனென்றால் 3,400 படங்களும் அதைத்தான் சொல்கின்றன. கண்ணாடி சில படங்களில்தான் உண்டு. கண் பெரிதாகி ஃபிரேமின் இடத்தை எடுத்துக்கொள்ளும்போது, ஃபிரேமின் மேல்கோடு கண்ணிமைக் கோட்டோடு சேர்ந்துவிடுகிறது. கீழ்க்கோடு கன்னத்தில் அநாதையாக நிற்கிறது. டிஸ்கிரிமினேட்டர்களில் ஒன்று ஒரு நேரத்தில் 70-க்கு 70 பிக்சல் துண்டைத்தான் பார்க்கும். அந்தத் துண்டுக்குள் தடித்த இமை அழகாக இருந்தால் அதற்குப் போதும். முழுப்படத்தையும் பார்க்கும் இன்னொன்று இருந்தாலும், அதுவும் அனிமே மாதிரி இருக்கிறதா என்றுதான் கேட்கிறது. கண்ணாடி என்பது இரண்டு வளையமும் ஒரு பாலமும் கொண்ட ஒரே பொருள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

இடையில் ஒரு நடைமுறை விஷயம். முழுப் பதிப்பில், அந்த 64-க்கு 64 கட்டங்களை, 256 அடுக்குகளோடு, ஒரே நீளமான வரிசையாக விரித்து ஒரு லீனியர் லேயருக்குள் கொடுக்கிறார்கள். 64 × 64 × 256 என்றால் 10,48,576 எண்கள். அவை 256 எண்களாகச் சுருங்க, அந்த ஒரு லேயருக்கு மட்டும் சுமார் 26.8 கோடி பாராமீட்டர்கள். மாடல் கோப்பு அவ்வளவு பெரிதாக இருப்பதும், 256-ஐத் தவிர வேறு அளவுப் படத்தை அது ஏற்காததும் இதனால்தான். அதோடு, ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி எடை இருப்பதால் முகம் எங்கே இருக்கிறது என்பதும் நிறத்தையும் பாணியையும் பாதிக்கும். பயிற்சியில் படத்தை 286 பிக்சலாகப் பெரிதாக்கி, அதிலிருந்து 256 பிக்சலை ஏதோ ஓர் இடத்தில் வெட்டினார்கள். அதாவது 30 பிக்சல் தள்ளாட்டம்தான் அதற்குப் பழக்கம். ஓரத்தில் சின்னதாக முகம் இருக்கும் படத்தைப் போட்டால் தடுமாறும். முகத்தை நடுவில் வைத்து, தலைமுடியும் கழுத்தும் கொஞ்சம் தெரியும்படி இறுக்கமாக வெட்டிக் கொடுங்கள். `--light True` போட்டால் வரும் சிறிய பதிப்பு அந்த விரிப்பைச் செய்யாமல் சராசரி எடுத்துக்கொள்ளும், அதில் இந்தப் பாரம் இல்லை.

அப்புறம், ஒரே செல்ஃபியைப் பத்து முறை போட்டாலும் ஒரே அனிமேதான் வரும் என்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்த ஜெனரேட்டருக்கு உள்ளே போவது படம் மட்டும்தான், தற்செயல் என்று எதுவுமே இல்லை. அனிமே குவியலில் நீல முடி, இளஞ்சிவப்பு முடி, வெள்ளி முடி எல்லாம் உண்டு. கருப்பு முடி செல்ஃபிக்கு எதைக் கொடுப்பது? ஒரு முகத்தைப் பத்து விதமாக வரையலாம் என்ற உண்மையை அது ஒரே விடைக்குள் அமுக்க வேண்டியிருக்கிறது. அமுக்கி அமுக்கி, டிஸ்கிரிமினேட்டரிடம் நிச்சயம் தேறும் கண், நிச்சயம் தேறும் வாய் என்று சிலவற்றில் போய் நின்றுவிடுகிறது. இருபது பேரின் படத்தைப் போட்டு வரிசையாக அடுக்கிப் பாருங்கள். கண்கள் எல்லாம் உடன்பிறப்புகள் மாதிரி இருக்கும்.

டிஃப்யூஷன் இந்த இடத்தில் வேறு வழியில் போகிறது. அதில் எதிராளி கிடையாது. ஒரு படத்தில் தெரிந்த அளவு நாய்ஸ் கலந்து, கலந்த நாய்ஸ் எது என்று சொல்லச் சொல்கிறார்கள். சொன்னதற்கும் உண்மைக்கும் உள்ள வித்தியாசம்தான் லாஸ். பயிற்சிப் படம் ஒவ்வொன்றுக்கும் அது பதில் சொல்லியாக வேண்டும். மீசை வைத்தவர் படம் வந்தால் மீசையில் படிந்த நாய்ஸையும் சரியாகச் சொல்ல வேண்டும். கேனில் ஜெனரேட்டர் கஷ்டமான படங்களைத் தொடாமலேயே தப்பிக்கலாம், தான் செய்ததை மட்டும் நன்றாகச் செய்தால் போதும். டிஃப்யூஷனில் அப்படி ஒதுங்க இடமில்லை.

உங்கள் படத்தோடு அது என்ன செய்தது என்று பார்ப்போம். நீங்கள் ஓட்டியது ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும்:

```python
out = pipe(prompt="anime portrait, man, glasses, moustache",
           image=img, strength=0.5,
           num_inference_steps=50).images[0]
```

512 பிக்சல் படம் முதலில் 64-க்கு 64 கட்டங்களாகச் சுருக்கப்படுகிறது. `strength` 0.5 என்றால் 50 படியில் பாதி, அதாவது 25 படிக்குரிய நாய்ஸ் அதில் கலக்கப்படுகிறது. ஸ்டேபிள் டிஃப்யூஷன் முதல் வரிசையின் கணக்குப்படி அந்த இடத்தில் உங்கள் படத்தின் பங்கு சுமார் 0.53, நாய்ஸின் பங்கு சுமார் 0.85. மெல்லிய விவரங்கள் எல்லாம் மூழ்கிவிடும். தோலின் நயம், ஒவ்வொரு முடி இழை, ஃபிரேமின் பளபளப்பு எல்லாம் போய்விடும். பெரிய திட்டுகள் மட்டும் மங்கலாக மிஞ்சும். மூக்குக்குக் கீழே ஒரு கருப்பு, கன்னத்தோரம் தோல் நிறத்தில் ஒரு மேடு, கண்களைச் சுற்றி இருண்ட வளையம்.

இந்த மங்கலான திட்டுகளிலிருந்து 25 படியில் அது திரும்பி ஏறுகிறது. மூக்குக்குக் கீழே உள்ள கருப்பு என்னவாக இருக்கலாம் என்று ஒவ்வொரு படியிலும் யோசிக்க அதற்கு வாய்ப்பு இருக்கிறது. மீசை வைத்த ஆண்களை அது புகைப்படத்தில் பார்த்திருக்கிறது, ஓவியத்தில் பார்த்திருக்கிறது, கூடவே எழுதியிருந்த வரிகளையும் படித்திருக்கிறது. அதனால் அனிமே பாணி மீசை என்று ஒன்றை வரைய முடிகிறது. கேன் ஒரே மூச்சில் முடிவெடுக்கிறது, எடுத்த முடிவைத் திரும்பிப் பார்க்க வழியில்லை. இங்கே முதல் படிகளில் கை இருக்கும் இடம் முடிவாகிறது, கடைசிப் படிகளில் விரல் கோடுகள் வருகின்றன.

`strength`-ஐ 0.3-க்கு இறக்கினால் கொஞ்சம் மெழுகு பூசிய புகைப்படம்தான் கிடைக்கும். 0.8-க்கு ஏற்றினால் படத்தின் பங்கு 0.2-க்கும் கீழே போய்விடும், அனிமே அருமையாக இருக்கும், ஆனால் அது நீங்கள் இல்லை. எவ்வளவு மாற்றலாம் என்பதை கேனில் ρ பயிற்சியிலேயே பூட்டிவிட்டது. டிஃப்யூஷனில் அந்தத் திருகு உங்கள் கையில் இருக்கிறது. 2023-ல் வந்த கன்ட்ரோல்நெட்டைச் சேர்த்துக்கொண்டால் முகத்தின் விளிம்புக் கோடுகளைத் தனியாகக் கொடுத்துவிட்டு `strength`-ஐ 0.7 வரை ஏற்றலாம். ஃபிரேமும் விரல்களும் அந்தக் கோடுகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஆனால் ஒரு நியாயத்தைச் சொல்லியாக வேண்டும். மீசை விஷயத்தில் ஜெயித்தது டிஃப்யூஷன் என்ற முறை மட்டும் அல்ல. ஸ்டேபிள் டிஃப்யூஷன், 585 கோடி படம்-வரி ஜோடிகள் கொண்ட லயான்-5பி தொகுப்பின் பகுதிகளில் பயின்றது. யு-கேட்-இட் பக்கத்துக்கு 3,400 பெண் முகங்களில் பயின்றது. அதே 3,400 படங்களை மட்டும் கொடுத்து ஒரு டிஃப்யூஷன் மாடலைப் பயிற்றினால் அதற்கும் மீசை தெரியாது. அதனால் மீசையை அறிவின் பற்றாக்குறை என்று எழுதிக்கொள்ளுங்கள். கை ஒளிந்ததும், பத்து முறைக்கும் ஒரே விடை வந்ததும்தான் முறையின் குறைகள். படம் கூட்டினாலும் அவை அவ்வளவு சுலபத்தில் போகாது.

டிஃப்யூஷனும் தடுக்கி விழும் இடங்கள் உண்டு. குழுவாக எடுத்த படத்தில் உங்கள் முகம் 64 பிக்சல் அகலம் என்றால், சுருக்கியபின் அது வெறும் 8-க்கு 8 கட்டம். ஒரு கண்ணுக்கு ஒன்றிரண்டு கட்டம்தான் கிடைக்கும், அதில் கண் சிதைந்துவிடும். ஆளின் சாயலும் எளிதில் நழுவும். குறிப்பாக அனிமேக்கென்றே மறுபடி பயிற்றிய மாடல்கள் வயதைக் குறைக்கும், தோலை வெளுக்கும், மீசையை மெல்லிதாக்கும். கட்டளை வரியிலிருந்து `moustache` என்ற சொல்லை எடுத்துவிட்டு தொடக்க நாய்ஸை மாற்றும் சீட் எண்ணை நான்கைந்து முறை மாற்றி ஓட்டிப் பாருங்கள். மீசை எத்தனை முறை நிற்கிறது என்பதை வைத்து, அது உங்கள் படத்தைப் பார்த்து வரைந்ததா, உங்கள் சொல்லைக் கேட்டு வரைந்ததா என்று தெரிந்துகொள்ளலாம். வேகத்திலும் கேன்தான் முன்னால். ஒரே ஒரு முறை வலைக்குள் போய் வந்தால் அதன் வேலை முடிந்தது. இங்கே 25 முறை போக வேண்டும்.

இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்த ஒரு வழி இருக்கிறது. கன்ட்ரோல்நெட்டோடு டிஃப்யூஷனை ஓட்டி, மீசை, தாடி, கண்ணாடி, கன்னத்தில் கை என்று எல்லாம் கலந்த சில ஆயிரம் செல்ஃபிகளுக்கு அனிமே செய்யுங்கள். சாயல் போனவற்றைக் கையால் தூக்கி எறியுங்கள், இதில் சோம்பல் கூடாது. மிஞ்சுவது செல்ஃபி-அனிமே ஜோடிகள். ஜோடி கையில் இருந்தால் சைக்கிள் லாஸே வேண்டாம், செய்த படத்தை ஜோடிப் படத்தோடு நேராக ஒப்பிடலாம், தகவலை ஒளித்து வைக்க ஜெனரேட்டருக்குக் காரணமும் இருக்காது. `--light` அளவுள்ள ஜெனரேட்டரை அந்த ஜோடிகளில் பயிற்றுங்கள். சோதனைக்கென்று மீசைக்காரர்களின் படம் ஐம்பதைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.